சஸ்பென்ஷன் உத்தரவு கையில் வந்தால் என்ன செய்வது? 90 நாள் கணக்கு, பிழைப்பூதியம், மேல்முறையீடு

மத்திய அரசு ஊழியராக இருந்து சஸ்பெண்ட் ஆனவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு உத்தரவு வந்தபோது அலுவலகத்தில் விதியைத் தெளிவாகச் சொல்ல ஆளில்லை. ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். “மூணு மாசத்துல தானா ரத்தாகிடும்” என்றார் ஒருவர். “விசாரணை முடியும்வரை ஒன்றும் செய்ய முடியாது” என்றார் இன்னொருவர். இரண்டுமே தப்பு. விதிப் புத்தகத்தோடு மல்லுக்கட்டி நான் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

இங்கே சொல்வது 1965-ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணிகள் (வகைப்பாடு, கட்டுப்பாடு, மேல்முறையீடு) விதிகளின் கீழ் வருபவர்களுக்கு. அஞ்சல் துறை, வருமான வரி, சுங்கம் என்று பெரும்பாலான மத்திய சிவில் ஊழியர்கள் இதற்குள் வருவார்கள். ரயில்வேக்கு 1968-ஆம் ஆண்டின் தனி விதிகள் உண்டு. அங்கே விதி 5-ஐப் பாருங்கள். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு நிலைமை வேறு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

1. உத்தரவை உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்

உத்தரவு பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருக்கும். வாங்கும்போது கையெழுத்துக்குக் கீழே அன்றைய தேதியை நீங்களே எழுதுங்கள். மேல்முறையீட்டுக்கான நாள் கணக்கு, உத்தரவு உங்கள் கைக்கு வந்த தேதியிலிருந்துதான் ஓடும்.

முதலில், சஸ்பென்ஷனுக்கான விதி 10-ல் எந்த உட்பிரிவின் கீழ் உத்தரவு என்று பாருங்கள். 10(1)(ஏ) என்றால் துறை விசாரணை நடக்கிறது அல்லது நடத்த உத்தேசம். 10(1)(பி) என்றால் குற்ற வழக்கு ஒன்று புலனாய்விலோ நீதிமன்றத்திலோ இருக்கிறது. 10(2) என்றால் கைதாகி 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்ததால், சஸ்பெண்ட் ஆனதாகவே கருதப்படும் நிலை. இந்த மூன்றுக்கும் வாதம் வேறு, நாள் கணக்கும் ஓரளவு வேறு.

அடுத்து, எந்தத் தேதியிலிருந்து அமல் என்று பாருங்கள். உத்தரவுத் தேதியும் அமலாகும் தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. 90 நாள் கணக்கு அமலாகும் தேதியிலிருந்து தொடங்கும்.

பிறகு தலைமையிடம். சஸ்பென்ஷன் காலத்தில் நீங்கள் எந்த ஊரில் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். வழக்கமாக அது கடைசியாக வேலை பார்த்த ஊர்தான். முன் அனுமதி இல்லாமல் அந்த ஊரை விட்டுப் போகக் கூடாது. சொந்த ஊரில் இருந்தால் செலவு குறையும் என்று நினைத்தால், தலைமையிடத்தை மாற்றித் தரும்படி எழுதிக் கேட்கலாம். இதற்காகப் பயணப்படி கேட்க மாட்டேன், விசாரணைக்குக் கூப்பிட்டால் வருவேன் என்று அதிலேயே எழுதிவிடுங்கள். பதில் வரும்வரை கிளம்பாதீர்கள். அனுமதியில்லாமல் ஊருக்குப் போனது தனிக் குற்றச்சாட்டாக வந்து சேரும்.

கடைசியாக, கையெழுத்திட்டவர் யார் என்று பாருங்கள். உங்கள் நியமன அதிகாரியோ, அவருக்கு மேலுள்ளவரோ, ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் உள்ளவரோ, குடியரசுத் தலைவரின் உத்தரவால் அதிகாரம் பெற்றவரோதான் சஸ்பெண்ட் செய்யலாம். நியமன உத்தரவை எடுத்துப் பதவிகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.

2. இது தண்டனை இல்லை. அதனால் என்ன மாறுகிறது?

அந்த விதிகளில் தண்டனைகளின் பட்டியல் விதி 11-ல் இருக்கிறது. கண்டனத்தில் தொடங்கி டிஸ்மிஸ் வரை போகும். அதில் சஸ்பென்ஷன் இல்லை. விசாரணை முடியும்வரை வேலையிலிருந்து ஒதுக்கி வைப்பது மட்டுமே அது. ஊருக்குள் கேவலமாகத்தான் இருக்கும், வீட்டில் சம்பளம் பாதியாகும், அது உண்மை. ஆனால் சட்டத்தின் கண்ணில் நீங்கள் இன்னும் அரசு ஊழியர்தான், குற்றம் நிரூபிக்கப்படாதவர்தான்.

இதில் நமக்குப் பாதகமான பக்கம் ஒன்று உண்டு. தண்டனை இல்லை என்பதால், சஸ்பெண்ட் செய்யும் முன் விளக்கம் கேட்க வேண்டிய கட்டாயம் நிர்வாகத்துக்கு இல்லை. “என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை” என்பதை மட்டும் வைத்து மேல்முறையீடு எழுதினால் நிற்காது. “நான் அந்தத் தப்பைச் செய்யவே இல்லை” என்பதும் இந்தக் கட்டத்தில் பெரிதாக எடுபடாது. அதற்கான இடம் விசாரணை.

சாதகமான பக்கமும் இதிலிருந்தே வருகிறது. தண்டனை இல்லாத ஒன்றைத் தண்டனை போல நீட்டிக்கக் கூடாது. நீங்கள் நாற்காலியில் இருந்தால் விசாரணை கெடும் என்ற அச்சம்தான் சஸ்பென்ஷனுக்கு முக்கியமான நியாயம். ஆவணங்களை மாற்றிவிடுவார், சாட்சிகளை மிரட்டுவார், அலுவலக ஒழுங்கு குலையும் என்பதுதான் அவர்கள் தரப்பு. அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி: இப்போதும் அந்த அச்சம் இருக்கிறதா? கோப்புகளை ஏற்கெனவே கைப்பற்றிவிட்டார்களா? சாட்சிகள் வேறு ஊரில் வேறு அதிகாரியின் கீழ் இருக்கிறார்களா? இடமாற்றம் செய்தாலே போதுமா? உங்கள் மனுக்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் முதுகெலும்பு.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. மத்தியப் பணியாளர் துறை 3.12.1985 அன்று ஓர் அலுவலகக் குறிப்பாணை வெளியிட்டது. பெரிய தண்டனைக்கான விசாரணை நடத்தி, முடிவில் சிறு தண்டனை மட்டும் கொடுத்தால், அந்த சஸ்பென்ஷன் முற்றிலும் நியாயமற்றதாகக் கருதப்பட்டு முழுச் சம்பளம் தரப்பட வேண்டும் என்று அது சொல்கிறது. குற்றச்சாட்டின் தன்மையைப் பார்த்தாலே இது கண்டனத்தைத் தாண்டாது என்று தெரிந்தால், இந்தக் குறிப்பாணையை மேல்முறையீட்டிலேயே சுட்டிக்காட்டுங்கள். வீணாக முழுச் சம்பளம் கொடுக்க வேண்டிவரும் என்பது நிர்வாகத்தை யோசிக்க வைக்கும்.

சஸ்பென்ஷனில் இருக்கும்போது விடுப்புக் கிடையாது. அடிப்படை விதிகள் என்ற வேறொரு விதித் தொகுப்பில் உள்ள விதி 55 அதைத் தடுக்கிறது. வேறு வேலை, வியாபாரம் எதுவும் செய்யக் கூடாது. சில அலுவலகங்களில் தினமும் வந்து கையெழுத்துப் போடச் சொல்வார்கள். வேலையே கொடுக்காதபோது வருகைப் பதிவுக்கு விதியில் இடமில்லை. எந்த விதியின் கீழ் கேட்கிறீர்கள் என்று பணிவாக எழுத்தில் கேளுங்கள்.

3. பிழைப்பூதியத்தைக் கேட்டு வாங்குங்கள்

சஸ்பெண்ட் ஆன மாதம் முதலே பிழைப்பூதியம் வர வேண்டும். அடிப்படை விதி 53-ன்படி, அரைச் சம்பள விடுப்பில் இருந்தால் எவ்வளவு கிடைக்குமோ அதுதான் தொகை. அந்தப் பாதிக்கு உரிய அகவிலைப்படி தனியாகச் சேரும். வீட்டு வாடகைப்படி போன்றவை சஸ்பெண்ட் ஆன அன்றைய முழுச் சம்பளத்தின் அடிப்படையில் வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மதுரையில் வேலை பார்க்கும் ஒருவரின் அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய். அகவிலைப்படி 50 சதவீதம், வாடகைப்படி 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பாதிச் சம்பளம் 22,450. அதற்கு அகவிலைப்படி 11,225. முழு அடிப்படைச் சம்பளத்துக்கு வாடகைப்படி 8,980. மொத்தம் 42,655 ரூபாய். உங்கள் மாதத்தில் நடப்பிலுள்ள சதவீதங்களைப் போட்டு இதையே கணக்கிட்டு, வந்த தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாடகைப்படியையும் பாதியாக்கிப் போடுவது நடக்கிற தவறு.

மூன்று மாதம் கழிந்ததும் இந்தத் தொகையை மறுபரிசீலனை செய்ய வேண்டும். தாமதத்துக்கு நீங்கள் காரணம் இல்லை என்றால், பிழைப்பூதியத்தை அதன் பாதி அளவுவரை உயர்த்தலாம். மேலே சொன்ன கணக்கில் 22,450 என்பது 33,675 ஆகும், அதாவது அடிப்படைச் சம்பளத்தில் முக்கால் பங்கு. அகவிலைப்படி அதற்கேற்ப 16,837 ரூபாய்க்குச் சற்று மேல் வரும். தாமதத்துக்கு நீங்களே நேரடிக் காரணம் என்று முடிவானால், அதே பாதி அளவுவரை குறைக்கவும் முடியும். அதனால் விசாரணைக்கு வரச் சொல்லி எந்தக் கடிதம் வந்தாலும் உடனே பதில் போடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். தாமதம் யாருடையது என்பதற்கு அந்த நகல்கள்தான் சாட்சி. மூன்றாவது மாதம் முடிவதற்கு இரண்டு வாரம் இருக்கும்போதே, உயர்த்தித் தரும்படி எழுதிவிடுங்கள். உத்தரவு போடாமல் கோப்பு தூங்கினால் பழைய தொகையே ஓடிக்கொண்டிருக்கும்.

இதில் பெரிய பொறி ஒரு சிறு காகிதம். வேறு எந்த வேலையிலும் இல்லை என்ற சான்றை நீங்கள் கொடுக்காவிட்டால் பிழைப்பூதியம் தர முடியாது. எங்கள் அலுவலகத்தில் அதைக் கேட்கவும் மாட்டார்கள். சான்று வரவில்லை என்று பில்லை மட்டும் நிறுத்திவிடுவார்கள். ஒவ்வொரு மாதமும் 20-ஆம் தேதி வாக்கில் இப்படி ஒன்று எழுதிச் சம்பளம் வழங்கும் அதிகாரிக்குக் கொடுத்து, நகலில் முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள்:

“…… தேதியிட்ட உத்தரவின்படி பணியிடை நீக்கத்தில் உள்ள நான், …… மாதத்தில் வேறு எந்த வேலையிலும், தொழிலிலும், வணிகத்திலும் ஈடுபடவில்லை என்று சான்றளிக்கிறேன்.”

பிடித்தங்களையும் கவனியுங்கள். வருமான வரி, அரசுக் குடியிருப்பு வாடகை, அரசிடம் வாங்கிய கடன் தவணை, மருத்துவத் திட்டச் சந்தா, குழுக் காப்பீடு ஆகியவற்றைப் பிடிப்பார்கள். அஞ்சல் ஆயுள் காப்பீட்டு பிரீமியம், கூட்டுறவுச் சங்கக் கடன், பொது வைப்பு நிதி முன்பணத் தவணை ஆகியவற்றை உங்கள் எழுத்துச் சம்மதம் இருந்தால் மட்டுமே பிடிக்கலாம். பொது வைப்பு நிதிச் சந்தா, நீதிமன்ற ஜப்தித் தொகை, அரசுக்கு ஏற்பட்டதாகச் சொல்லப்படும் நஷ்டம் ஆகிய மூன்றையும் பிழைப்பூதியத்திலிருந்து பிடிக்கக் கூடாது.

பணமே வரவில்லை என்றால் சும்மா இருக்காதீர்கள். 1999-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பால் அந்தோணி எதிர் பாரத் கோல்டு மைன்ஸ் வழக்கில், பிழைப்பூதியம் கிடைக்காததால் கேரளத்திலிருந்த ஊழியரால் கோலாரில் நடந்த விசாரணைக்குப் போக முடியவில்லை. அவர் இல்லாமலே விசாரணையை முடித்துவிட்டார்கள். அந்த விசாரணை செல்லாது என்றது நீதிமன்றம். ஆனால் இதன் பலன் தானாக வராது. பணம் இல்லாததால் விசாரணைக்கு வர முடியவில்லை என்பதை அந்தச் சமயத்திலேயே விசாரணை அதிகாரிக்கு எழுதியிருக்க வேண்டும்.

4. 90 நாள் கணக்கு: காலண்டரில் குறித்து வையுங்கள்

விதி 10-ல் உள்ள 6, 7 ஆகிய இரண்டு உட்பிரிவுகளும் 2004 ஜூன் 2 முதல் நடைமுறையில் இருக்கின்றன. 90 நாள் முடிவதற்குள் மறுஆய்வுக் குழு உங்கள் சஸ்பென்ஷனைப் பார்த்துப் பரிந்துரை தர வேண்டும். அதன் பேரில் உரிய அதிகாரி, நீட்டித்தோ ரத்து செய்தோ உத்தரவு போட வேண்டும். நீட்டிப்பு ஒரு தடவைக்கு 180 நாளைத் தாண்டக் கூடாது. அந்த நீட்டிப்பு முடிவதற்குள் மறுபடி ஆய்வு. 90 நாளுக்குள் நீட்டிப்பு உத்தரவு வரவில்லை என்றால் சஸ்பென்ஷன் அதற்குமேல் செல்லாது.

மதுரைக்காரரின் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். 10.1.2025 முதல் அமல் என்றால், அந்த நாளையும் சேர்த்து ஜனவரியில் 22 நாள், பிப்ரவரியில் 28, மார்ச்சில் 31, ஆக 81. ஏப்ரல் 9-ஆம் தேதியோடு 90 நாள் முடிகிறது. நீட்டிப்பு உத்தரவு அதற்குள் போடப்பட்டிருக்க வேண்டும். 180 நாள் நீட்டித்தால் அது அக்டோபர் 6 வரை. அடுத்த உத்தரவு அந்தத் தேதிக்குள் வர வேண்டும். “மூன்று மாதம்” என்று தோராயமாக எண்ணாதீர்கள், நாளாக எண்ணுங்கள்.

இங்கே அலுவலகங்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. குழு 85-ஆவது நாள் கூடியிருக்கும். பரிந்துரை மேலதிகாரி மேசையில் கிடந்து, உத்தரவு 97-ஆவது நாள் வெளியாகும். குழு கூடியது மட்டும் போதாது; 90 நாளுக்குள் உத்தரவு பிறந்திருக்க வேண்டும். யூனியன் ஆஃப் இந்தியா எதிர் தீபக் மாலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம் இதுதான்: காலத்துக்குள் மறுஆய்வு செய்து நீட்டிக்காத சஸ்பென்ஷன் செத்துப்போகிறது, பிறகு போடும் நீட்டிப்பு அதற்கு உயிர் கொடுக்காது.

ஆகவே நீட்டிப்பு உத்தரவு வந்தால் அதன் தேதியையும், அனுப்பிய உறையிலுள்ள அஞ்சல் முத்திரையையும் பாருங்கள். உறையைத் தூக்கிப் போடாதீர்கள். முன்தேதியிட்ட உத்தரவு என்று சந்தேகம் வந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். மறுஆய்வுக் குழு கூடிய தேதி, அதன் பரிந்துரை, உத்தரவு அனுப்பிய பதிவேட்டுப் பக்கத்தின் நகல் ஆகிய மூன்றையும் கேளுங்கள். பரிந்துரையைத் தர மறுத்தாலும், தேதிகளை மறைக்க அவர்களிடம் நியாயமான காரணம் இருக்காது. நமக்கு வேண்டியது தேதிதான்.

90 நாள் முடிந்தும் எதுவும் வரவில்லையா? மறுநாளே ஒரு கடிதம் கொடுங்கள்: விதி 10(7)-ன்படி சஸ்பென்ஷன் இன்ன தேதியோடு செல்லாததாகிவிட்டது, பணியில் சேர வந்திருக்கிறேன், முழுச் சம்பளம் வழங்கவும். நேரில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், ஸ்பீடு போஸ்டிலும் ஒன்று அனுப்புங்கள். சேர்த்துக்கொள்ளாவிட்டாலும் அந்தக் கடிதம்தான் பிறகு சம்பளம் கேட்பதற்கு ஆதாரம். புதிதாக ஒரு சஸ்பென்ஷன் உத்தரவு போட நிர்வாகம் முயலலாம். அப்படிப் போட்டாலும் இடைப்பட்ட நாள்களுக்கு அது பின்னோக்கிப் பாயாது.

இரண்டாவது வரம்பு நீதிமன்றத்திலிருந்து வந்தது. அஜய் குமார் சௌத்ரி வழக்கில் 2015 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், குற்றச்சாட்டுகளை எழுத்தில் சொல்லும் குற்றக் குறிப்பாணை மூன்று மாதத்துக்குள் தரப்படாவிட்டால் சஸ்பென்ஷன் அதற்குமேல் நீளக் கூடாது என்றது. தந்திருந்தால், காரணம் சொல்லித்தான் நீட்டிக்க வேண்டும் என்றது. ஆளை வேறு ஊருக்கு, வேறு அலுவலகத்துக்கு மாற்றி விசாரணையைக் காப்பாற்றலாம் என்று வழியும் காட்டியது. மத்தியப் பணியாளர் துறை 23.8.2016 அன்று இதைச் சுற்றறிக்கையாக்கி, 90 நாளுக்குள் குற்றக் குறிப்பாணை தர வேண்டும் என்று எல்லா அமைச்சகங்களுக்கும் சொன்னது.

ஆனால் அந்த வழக்கின் முடிவையும் தெரிந்துகொள்ளுங்கள். தீர்ப்பு வருவதற்குள் அவருக்குக் குற்றக் குறிப்பாணை கொடுத்துவிட்டார்கள். அதனால் இந்த நெறி இனி உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம், நீட்டிப்பைத் தனியாக எதிர்த்துப் பாருங்கள் என்று நீதிமன்றம் விட்டுவிட்டது. அதாவது 88-ஆவது நாள் ஒரு குறிப்பாணை வந்துவிட்டால் இந்த வாதம் பாதி போய்விடும். மிச்சமிருப்பது, நீட்டிப்பு உத்தரவில் காரணம் இருக்கிறதா என்ற கேள்வி. “மறுஆய்வுக் குழுவின் பரிந்துரையை ஏற்று 180 நாள் நீட்டிக்கப்படுகிறது” என்ற ஒற்றை வரி காரணம் ஆகாது. அதைத்தான் எதிர்க்க வேண்டும்.

மொத்தமாக எத்தனை ஆண்டு சஸ்பென்ஷனில் வைக்கலாம் என்று விதியில் உச்சவரம்பு இல்லை. 180, 180 என்று நீட்டிக்கொண்டே போக வழியிருக்கிறது. ஒவ்வொரு நீட்டிப்பும் புதிதாக யோசித்துப் போடப்பட்டதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். தமிழ்நாட்டு ஐ.பி.எஸ். அதிகாரி ஒருவர் ஆறாண்டுக்கு மேல் சஸ்பென்ஷனில் இருந்த வழக்கில், இதைத் தொடர்வதால் பயன் இல்லை என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆறாண்டு. அதனால் முதல் நீட்டிப்பிலேயே எதிர்க்கத் தொடங்குங்கள் என்கிறேன்.

5. மேல்முறையீடு: 45 நாள்

சஸ்பென்ஷன் தண்டனை இல்லை என்றாலும் விதி 23 இதற்கு மேல்முறையீடு தருகிறது. உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து 45 நாள். ஜனவரி 13 அன்று வாங்கினால் பிப்ரவரி 27 கடைசி. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. மேல்முறையீட்டு அதிகாரிக்கு நேரடியாக அனுப்பி, நகலை உத்தரவு போட்டவருக்கு அனுப்புங்கள்.

இரண்டு மூன்று பக்கம் போதும். உத்தரவின் நகல், கோப்புகளை ஒப்படைத்த பட்டியல், புலனாய்வு அமைப்பு கைப்பற்றிய ஆவணங்களின் பட்டியல் இருந்தால் அது, இவற்றை இணையுங்கள். விதி 27, இந்தச் சூழ்நிலையில் சஸ்பென்ஷன் நியாயம்தானா என்று பார்க்கும்படி மேல்முறையீட்டு அதிகாரியைக் கட்டாயப்படுத்துகிறது. அதற்குப் பதில் சொல்லும்படியாக எழுதுங்கள். மேலதிகாரியின் மேல் உள்ள கோபத்தை அதில் கொட்டாதீர்கள். எத்தனை நியாயமான கோபமானாலும் அந்தக் காகிதத்தில் அது எதிராகவே வேலை செய்யும்.

6. கைதானவர்களுக்கு: கணக்கு வேறு

48 மணி நேரத்தைத் தாண்டிக் காவலில் இருந்தால், காவலில் வைத்த நாளிலிருந்தே சஸ்பெண்ட் ஆனதாகக் கருதப்படும். கைதானதை அலுவலகத்துக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை. வீட்டில் உள்ளவர்கள் மூலமாவது தெரிவியுங்கள். மறைத்தால் அது தனிக் குற்றம்.

ஜாமீனில் வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, வெளியே வந்துவிட்டேன் என்று அலுவலகத்துக்கு எழுதுவது. 90 நாள் முடியும்போதும் காவலிலேயே இருந்தவருக்கு மறுஆய்வுக் கணக்கு, விடுதலையான நாளிலிருந்தோ, விடுதலையான செய்தி நியமன அதிகாரிக்குத் தெரிந்த நாளிலிருந்தோ, எது பிந்தியதோ அதிலிருந்துதான் ஓடும். நீங்கள் சொல்லாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் கணக்குத் தொடங்காமலே கழியும். நீதிமன்றத்தின் ஜாமீன் உத்தரவு நகலோடு அன்றே ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, பட்டுவாடா ஆன விவரத்தை இணையதளத்தில் எடுத்து அச்சிட்டு வையுங்கள்.

7. தீர்ப்பாயம்

மேல்முறையீடு தள்ளுபடியானால், அல்லது ஆறு மாதமாகியும் பதிலே இல்லை என்றால், மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நமக்குச் சென்னை அமர்வு. விண்ணப்பக் கட்டணம் 50 ரூபாய்தான். செலவெல்லாம் வக்கீல் கட்டணத்தில்தான். இறுதி உத்தரவு வந்த தேதியிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். பதிலே வராதவர்களுக்கு அந்த ஆறு மாதம் கழிந்ததிலிருந்து ஓராண்டு.

90 நாள் தாண்டிய வழக்கு என்றால் வக்கீலிடம் முதலில் தேதிப் பட்டியலை நீட்டுங்கள்: அமலான தேதி, 90-ஆவது நாள், நீட்டிப்பு உத்தரவுத் தேதி, அனுப்பிய தேதி, குற்றக் குறிப்பாணை வந்த தேதி. ஒரு தாளில் ஐந்து வரி. கட்டுக்கட்டாகக் காகிதம் கொடுப்பதைவிட இது வேலை செய்யும்.

8. திரும்பச் சேர்ந்த பிறகு

சஸ்பென்ஷன் ரத்தாகி வேலையில் சேர்ந்ததோடு பலர் விட்டுவிடுகிறார்கள். அடிப்படை விதி 54-பி-ன்படி இன்னொரு உத்தரவு வர வேண்டும். சஸ்பென்ஷன் காலத்துக்கு எவ்வளவு சம்பளம், அந்தக் காலம் பணிக்காலமா இல்லையா என்ற இரண்டையும் அது சொல்ல வேண்டும். முற்றிலும் நியாயமற்ற சஸ்பென்ஷன் என்று முடிவானால் முழுச் சம்பளமும் பணிக்காலமும் கிடைக்கும். வாங்கிய பிழைப்பூதியத்தைக் கழித்து மீதியைத் தருவார்கள். அப்படி இல்லை என்றால், எவ்வளவு தரப்போகிறோம் என்று நோட்டீஸ் கொடுத்து உங்கள் பதிலைக் கேட்க வேண்டும். அந்தப் பதிலுக்கு 60 நாளுக்கு மிகாமல் அவகாசம் தருவார்கள், அதைத் தவறவிடாதீர்கள்.

விசாரணை முடியும் முன்பே சேர்த்துக்கொண்டிருந்தால், அப்போது போட்ட சம்பள உத்தரவை விசாரணை முடிந்ததும் மறுபடி பார்க்க வேண்டும். குற்றச்சாட்டிலிருந்து விடுபட்டால் நீங்களே எழுதிக் கேளுங்கள். ஆண்டு ஊதிய உயர்வும் ஓய்வூதியக் கணக்கும் இந்த உத்தரவை நம்பித்தான் இருக்கின்றன. பணிப் பதிவேட்டில் இது ஏறியிருக்கிறதா என்று பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள். பதவி உயர்வுக் குழு உங்களைப் பற்றிய முடிவை மூடிய உறையில் வைத்திருந்தால், அந்த உறையைத் திறக்கும்படியும் அப்போதே மனு கொடுங்கள்.

தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு

உங்களுக்குப் பொருந்துவது தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகளில் 17(இ). கடுமையான குற்றச்சாட்டின் மேல் விசாரணை இருந்தாலோ உத்தேசிக்கப்பட்டாலோ, அல்லது குற்றப் புகார் புலனாய்விலோ வழக்கிலோ இருந்தாலோ, பொது நலனுக்குத் தேவை என்றால் சஸ்பெண்ட் செய்யலாம். 48 மணி நேரக் காவல் இங்கும் உண்டு. ஆனால் 90 நாளில் தானாகச் செல்லாததாகும் ஏற்பாடு இந்த விதியில் இல்லை. 2015 தீர்ப்பை மட்டும் காட்டி “மூன்று மாதம் முடிந்தது, ரத்து செய்யுங்கள்” என்று ரிட் போடுவது முன்பு வழக்கமாக இருந்தது. 2022-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, அந்தத் தீர்ப்பால் சஸ்பென்ஷன் தானாக ரத்தாகிவிடாது, ஒவ்வொரு வழக்கின் தன்மையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டது.

அதனால் உங்கள் வழி, சஸ்பென்ஷனை ரத்து செய்யக் கோரி உத்தரவு போட்டவருக்கு விரிவான மனு கொடுப்பது. விசாரணை எந்தக் கட்டத்தில் நிற்கிறது, தாமதம் யாரால், ஆவணங்கள் யார் கையில், முக்கியத்துவம் இல்லாத பணியிடத்தில் அமர்த்த முடியுமா என்பதையெல்லாம் தேதியோடு எழுதுங்கள். பதில் இல்லையென்றால், அந்த மனுவைக் குறிப்பிட்ட காலத்துக்குள் பரிசீலிக்க உத்தரவிடும்படி உயர் நீதிமன்றத்தில் கேட்கலாம்.

ஓய்வு நெருங்கியவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மத்திய அரசில் சஸ்பென்ஷனில் இருந்தாலும் உரிய தேதியில் ஓய்வு பெற்றுவிடுவீர்கள். தற்காலிக ஓய்வூதியம் வரும். பணிக்கொடை மட்டும் வழக்கு முடியும்வரை நிற்கும். தமிழ்நாடு அரசில், அடிப்படை விதி 56(1)(சி)-ன்படி, ஒழுங்கீனக் குற்றச்சாட்டில் சஸ்பென்ஷனில் இருப்பவரை ஓய்வு பெற விடாமல் விசாரணை முடியும்வரை பணியில் வைத்திருப்பார்கள். உங்களுக்கு ஓய்வுத் தேதி ஓராண்டுக்குள் இருந்தால், விசாரணையை விரைவில் முடிக்கக் கோரும் மனுவை, ரத்து கோரும் மனுவோடு சேர்த்து இப்போதே கொடுங்கள்.